வட்டம் போட்ட மைனஸ் மூன்று

ஹாலாஸ்யம் சாருக்கு உலகத்தில் மதிக்கத்தக்க ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் அவரே. இன்னொருவர் யாரென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

வில்லாபுரத்தில் வீடு, டவுனுக்குள் பள்ளிக்கூடம், மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு. சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்கும் மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். சொந்த மச்சினன் பத்திரிகைக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. மச்சினன், தேறினதே பெரிது என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அவர் வகுப்புக்குள் காலை வைத்ததும் சுவரில் இருக்கிற பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும் என்பார்கள். இது மிகை. பல்லி நின்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஓடும்.

எல்லாக் கணக்கையும் அவர் நடத்துவார் என்றாலும் வர்க்கமூலச் சமன்பாடு வந்துவிட்டால் சாமி வந்த மாதிரி ஆகிவிடுவார்.

"வர்க்கமூலத்தைக் கழட்டணும்னா ரெண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தணும், வேற வழி கெடையாது. ஆனா வர்க்கப்படுத்தறதுங்கறது துணியை வெளுக்கப் போடற மாதிரிடா. கறையும் போகும், வேட்டிக் கரையும் போகும். மூணை வர்க்கப்படுத்தினா ஒன்பது, மைனஸ் மூணை வர்க்கப்படுத்தினாலும் ஒன்பது. மைனஸ் போன எடம் தெரியாது. அதனால கடைசில ரெண்டு விடை வந்து நிக்கும். ஒண்ணு அசல், ஒண்ணு போலி மூலம். சமயத்துல ரெண்டுமே அசலா இருக்கும், சமயத்துல ரெண்டுமே போலியாவும் இருக்கும். எது எதுன்னு எப்படிடா கண்டுபிடிப்பே?"

"வச்சுப் பாக்கணும் சார்" என்று வகுப்பு கத்தும்.

"எதுல?"

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் விழுவார்கள். வர்க்கப்படுத்தின பிறகு வந்த வரியில் வைத்துப் பார்த்தால் அது இரண்டையும் சரி என்றுதான் சொல்லும். வெளுத்த துணிக்குக் கரை எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்? முதன்முதலில் கொடுத்த கேள்வியில் வைக்க வேண்டும். நடு வரியில் வைத்துச் சரிபார்த்தவனுக்கு, விடை சரியாகவே இருந்தாலும், ஹாலாஸ்யம் சார் பூஜ்யம்தான் போடுவார். அந்தப் பூஜ்யத்தையும் நல்ல உருண்டையாக, ஆசையாகப் போடுவார்.

இப்பேர்ப்பட்டவர்தான் மாவட்டத்துக் கணித ஆசிரியர் கழகத்தின் வினாத்தாள் குழுவுக்குத் தலைவர். அரையாண்டுத் தேர்வுக்கு மேலூரில் இருந்து பேரையூர் வரைக்கும் பிள்ளைகள் அழுகிறார்கள் என்றால் அது அவர் கைங்கரியம். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, படி கிடையாது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் உண்டு. ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. இந்த வருஷம் கழகத்தில் பாதிப் பேர், "சீதாராமன் சாருக்குக் குடுத்துப் பாப்போமே" என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். சீதாராமன், அவனியாபுரத்தில் பள்ளி ஆசிரியர். சிரித்த முகம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இந்த மூன்றில் ஒன்று போதும், ஹாலாஸ்யம் சாருக்கு ஓர் ஆளைப் பிடிக்காமல் போக.

"சிரிச்சுண்டே கணக்கு நடத்தறவன் ஒண்ணு பொய்யன், இல்லேன்னா கணக்கு தெரியாதவன்" என்று வீட்டில் சொன்னார்.

"கோவிச்சுண்டே நடத்தறவா?" என்று கேட்டாள் அவர் மனைவி. அவர் காதில் அது விழவில்லை. வேண்டாததை விழாமல் பார்த்துக்கொள்ள அவர் காதுகளுக்குப் பழக்கம் உண்டு.

2005 ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை முளைத்தது. சீதாராமன் பள்ளியின் நிர்வாகம் வைத்தது, பிள்ளை பிடிக்க. சாதாரணப் பலகை இல்லை. அதன் நிழலில் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்று இளைப்பாறின. ஏர்போர்ட்டில் இறங்க வந்த விமானம் அதைப் பார்த்து, ஓடுபாதை இங்கேதானோ என்று ஒரு சுற்று தாழ்ந்து போனதாகவும் பேச்சு. பலகை முழுக்க ஒரே போட்டோ: கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு சீதாராமன். நிறமா அது! மனுஷனைப் பாலில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி. பொங்கலுக்கு வாடிவாசலில் சீறின காளை ஒன்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்கூசித் தலையைத் திருப்பிக்கொண்டது என்றால், அதைப் பிடித்துக்கொண்டு நடந்தவரே சொன்னதுதான்.

ஹாலாஸ்யம் சார் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் நேரே கரும்பலகைக்குப் போனது.

√(x + 12) = x

x + 12 = x²

x² − x − 12 = 0

(x − 4)(x + 3) = 0

அதற்குக் கீழே x = 4 என்று எழுதி, குறுக்கே அடித்திருந்தது. பக்கத்தில் x = −3. அதைச் சுற்றிப் பெரிய வட்டம்.

சார் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று வைத்துப் பார்த்தார். நாலை வைத்தால், நாலும் பன்னிரண்டும் பதினாறு, பதினாறுக்கு வர்க்கமூலம் நாலு, வலப்பக்கமும் நாலு. பொருந்துகிறது. மைனஸ் மூன்றை வைத்தால், உள்ளே ஒன்பது, வர்க்கமூலம் மூன்று, வலப்பக்கம் மைனஸ் மூன்று. பொருந்தவில்லை. அசலை அடித்துவிட்டு, போலிக்கு வட்டம் போட்டுப் பட்டாபிஷேகம் செய்திருக்கிறான்!

அவருக்கு உண்டான சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. முதல் குழந்தை பிறந்தபோது இத்தனை இல்லை என்பதை அவர் மனைவியே உறுதி செய்வாள்.

நடுவில் ஒரே ஒரு கணம், மனசின் ஓரத்தில் ஏதோ இடறியது. தெரியாதவன் இரண்டையும் எழுதுவான். தெரிந்தவன் மைனஸ் மூன்றை அடிப்பான். நாலை மட்டும் தேடிப்பிடித்து அடிக்கிறவன் எந்த வகை? சார் யோசித்தார். யோசித்து, 'இவன் தனி வகை, கணக்குக்கே பிறவிப் பகை' என்று முடிவு கட்டி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அடுத்த நாளே தெருக்கோடி ஸ்டூடியோக்காரரை அழைத்துப் போய் அந்தப் பலகையைப் போட்டோ எடுக்கச் சொன்னார். பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்து, கூடத்தில் சாய்த்துவைத்து, சிவப்புப் பேனாவால் வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் போட்டார்.

மனைவி காபியோடு வந்தவள் பார்த்தாள். "இது யாரு, சீதாராமனா? அவர் மாதிரியே இல்லையே. கன்னத்துல இம்மாம் பெரிய மரு இருக்குமே, எங்கே காணோம்?"

"மருவைப் பத்தி எனக்கென்ன? நான் கணக்கைப் பாக்கறேன்."

"அதுக்கில்லே, முகத்தையே மாத்தியிருக்காளே…"

"நீ போய் சாம்பாரைப் பாரு."

சாம்பார் நன்றாகவே இருந்தது. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கழகக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில், டவுனில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஹாலில். தலைமை தாங்கியது அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஸ்யாமளா. அதிகம் பேசாதவர், பேசினால் திரும்பச் சொல்லாதவர். மாவட்டத்துக் கணக்கு வாத்தியார்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பேரையூரில் இருந்து பஸ் மாறி மாறி வந்த காசிமாயன் சார், ஃபேன் காற்று பட்டதும் கடைசி வரிசையில் தூங்கிவிட்டார்.

வினாத்தாள் குழுத் தலைவர் என்ற பேச்சு எடுத்ததுமே ஹாலாஸ்யம் சார் எழுந்தார். பையில் இருந்து படத்தை உருவி மேஜை மேல் நிறுத்தினார்.

"கொழந்தேளுக்குக் கேள்வி போடற வேலை. அதை யார்கிட்டே குடுக்கப் போறோம்னு தெரிஞ்சுண்டு குடுக்கணும். அவனியாபுரத்துல ஊர் பாக்க மாட்டியிருக்கு. பாருங்கோ. வச்சுப் பாருங்கோ. நான் சொல்லலை, கணக்கு சொல்லட்டும்."

வாத்தியார்கள் எட்டிப் பார்த்தார்கள். உதடுகள் அசைந்தன. ஒருவர் பின் ஒருவராக, "ஆமாய்யா… நாலுல்ல வரும்" என்றார்கள். முதல் வரிசையில் சிரிப்பு கிளம்பிப் பின்வரிசைக்குப் போய், காசிமாயன் சாரை மட்டும் தொடாமல் திரும்பி வந்தது.

"மூணடி உசரமும் மூணடிப் பள்ளமும் ஒண்ணுங்கறார் நம்ம சீதாராமன்" என்றார் ஹாலாஸ்யம் சார். "அவர் வீட்டுக் கெணத்துல தண்ணி எடுக்க மொட்டைமாடிக்குப் போவார் போல இருக்கு."

சீதாராமன் எழுந்து வந்து படத்தைக் குனிந்து பார்த்தார். பலகை மாட்டினதில் இருந்து தினம் அந்த வழியாகத்தான் போகிறார், வருகிறார். தினமும் தன் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார். இவ்வளவு நிறமாகத் தன்னை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை; பக்கத்தில் கணக்கு ஒன்று இருப்பதை யார் கவனித்தார்கள்? இப்போதுதான் உள்ளங்கையில் விரலால் எழுதி வைத்துப் பார்த்தார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சேர்த்த நிறம் பூராவும் போய், பழைய நிறத்துக்கும் ஒரு படி கீழே வந்தார்.

"மேடம்… இதுல முன்னாடி ஒரு மைனஸ் இருந்துச்சு."

"எங்கே?" என்றார் ஸ்யாமளா.

"வர்க்கமூலத்துக்கு முன்னாடி. நான் போட்டேன் மேடம். எனக்கு நல்லாத் தெரியும்."

"போட்டீர், சரி" என்றார் ஹாலாஸ்யம் சார். "அப்புறம் அதுக்கு றெக்கை மொளைச்சுதா? விமான நிலையம் பக்கம் இல்லையா, பறந்துடுத்து."

ஹால் குலுங்கியது. சீதாராமன் வெளியே போய் செல்போனில் பேசினார். டீ வந்தது. டீயும் பஜ்ஜியும் முடிகிற நேரத்துக்கு மொபெட்டில் ஓர் ஆள் வந்து இறங்கினார். அழகுமலை, அவனியாபுரத்தில் ஃப்ளெக்ஸ் டிசைன் போடுகிறவர். கையில் ஒரு கவர்.

"என்னண்ணே, போர்டு கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

"அழகுமலை, நான் குடுத்த போட்டோவுல என்னப்பா பண்ணுன?" என்றார் சீதாராமன்.

பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார் அழகுமலை. "அதை ஏண்ணே கேக்குறீங்க! ரெண்டு நாள் உக்காந்தேன். மரு எடுத்தேன். நெத்தியில முடி வச்சேன். கலரு எம்புட்டு ஏத்த முடியுமோ அம்புட்டு ஏத்துனேன். பின்னாடி போர்டு வேற ஒரே கீறலு, அதையும் தொடைச்சுச் சுத்தம் பண்ணுனேன்."

"காதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கோடு இருந்துச்சா?"

"ஆமாண்ணே! தனியாக் கெடந்துச்சு. காதுல பீடி சொருகுன மாதிரி அசிங்கமா இருந்துச்சு. மரு எடுத்த கையோட அதையும் எடுத்துட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது. போன மாசம் ஒரு கல்யாண போர்டுல மாப்ளைக்குப் பின்னாடி நின்ன அவுங்க சித்தப்பாவையே எடுத்திருக்கேன். அதுக்குக் காசு கூட வாங்கலை."

கவரைப் பிரித்து, ஸ்கேன் செய்யக் கொடுத்த அசல் போட்டோவை எடுத்து வைத்தார். எல்லாத் தலைகளும் கூடின. கறுத்த முகம், கன்னத்தில் மரு, ஏறின நெற்றி. காது மடலுக்குப் பக்கத்தில், கரும்பலகையில், சாக்பீஸில் ஒரு சின்னக் கோடு.

−√(x + 12) = x

இனி வைத்துப் பார்த்தால்: மைனஸ் மூன்றுக்கு உள்ளே ஒன்பது, வர்க்கமூலம் மூன்று, முன்னால் மைனஸ், ஆக இடப்பக்கம் மைனஸ் மூன்று. வலப்பக்கமும் மைனஸ் மூன்று. பொருந்துகிறது. நாலுக்கு இடப்பக்கம் மைனஸ் நாலு, வலப்பக்கம் நாலு. பொருந்தவில்லை. அடித்ததும் சரி, வட்டம் போட்டதும் சரி. இரண்டாம் வரியில் இருந்து எல்லா வரியும் அச்சுப் பிசகாமல் அதே வரிதான். மைனஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர்க்கப்படுத்தினால் அது ஒன்றுதானே.

"நான் என்ன பண்ண முடியும்?" என்றார் ஹாலாஸ்யம் சார். குரல் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. "போட்டோல என்ன இருந்துதோ அதுல வச்சுப் பாத்தேன். அதுல தப்புதானே?"

"போட்டோ கேள்வி இல்லையே சார்" என்றார் ஸ்யாமளா. "ஒருத்தர் நாலை அடிச்சிட்டு மைனஸ் மூணை எடுத்திருக்கார். ஒருவேளை கேள்வியே வேறயோன்னு உங்களுக்குத் தோணலையா?"

"அவர் அறிவு அவ்வளவுதான்னு தோணித்து."

யாரும் சிரிக்கவில்லை. சார் மறுபடி அசல் போட்டோவைப் பார்த்தார். அந்த முன்கோடு. பன்னிரண்டு. வலப்பக்கம் வெறும் x. இதை எங்கேயோ…

"சார், இது உங்க கேள்விதான் சார்" என்றார் சீதாராமன். கேலி இல்லை, அதுதான் வேதனை. "சில வருஷம் முந்தி அரையாண்டுக்கு நீங்க போட்டது. மாவட்டத்துல ரொம்பப் பேர் நாலுன்னு எழுதிட்டு வந்து அழுதாங்க. அம்புட்டு நல்ல கணக்கு. அதான் போட்டோ எடுக்க வாராங்கன்னதும் இதையே போர்டுல போட்டேன். ஒரு மரியாதைக்கு."

ஹாலாஸ்யம் சாருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த மைனஸை வைத்துவிட்டு அன்றைக்கு அவர் தனியாக உட்கார்ந்து சிரித்ததும் ஞாபகம் வந்தது. சிவப்புப் பேனாவால் அவர் சுழித்து வைத்திருப்பது அவருடைய சொந்த விடையை. ஒரு மாவட்டத்தையே அழவைத்த கோடு இல்லாமல் போனதும், தான் பெற்ற கணக்கை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"எந்தக் கணக்கா இருந்தா என்ன?" என்றார். "கோடு எதுன்னு தெரியாதவன்லாம் கடை வச்சிருக்கான், அவன்கிட்டே போட்டோ குடுக்கறா."

"கீறல் இல்லைன்னு எழுதி வச்சாலாச்சும் தெரியும்ணே" என்றார் அழகுமலை, மனத்தாங்கலோடு.

ஸ்யாமளா பேனாவை மூடி வைத்தார். "ஒருத்தர் அசல் கேள்வியைத் தேடாம சரிபாக்கறார். ஒருத்தர் தன் பேர்ல ஊர் பாக்க என்ன மாட்டியிருக்குன்னே பாக்கலை. கேள்வித்தாளோட ப்ரூஃபை இவங்க ரெண்டு பேர்ல யார்கிட்டே நம்பிக் குடுக்கறது? நீங்கதானே சார் வகுப்புல சொல்வீங்க, சமயத்துல ரெண்டுமே போலியா இருக்கும்னு." பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "காசிமாயன் சார்!" என்றார்.

காசிமாயன் சார் கண்ணைத் திறந்து, "ஆமா மேடம், சரிதான்" என்றார். எதற்குச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. அன்று காலையில் அந்த ஹாலில் தப்பாக ஒன்றும் சொல்லாதவர் அவர் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கை தட்டினார்கள். நாற்காலி பேரையூருக்குப் போனது.

அடுத்த வாரம் ஒரு வேலையாக ஹாலாஸ்யம் சார் அவனியாபுரம் போக வேண்டியிருந்தது. பலகையைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியத்தோடு இறங்கி, இறங்கினதும் பார்த்தார். நிர்வாகம் திட்டியிருக்கும் போல. அழகுமலை ஏணி வைத்து ஏறி, வெள்ளைப் பெயிண்டில் ஒரு மைனஸ் போட்டிருந்தார். உலக்கை தடிமனில் ஒரு மைனஸ். ஆனால் வர்க்கமூலத்துக்கு முன்னால் சீதாராமனின் காது இருந்ததால், நல்ல மனுஷன் காதைக் கெடுப்பானேன் என்று, இடம் காலியாக இருந்த வலப்பக்கத்தில் போட்டுவிட்டார்.

√(x + 12) = −x

சாருக்கு உயிர் வந்தது. "முட்டாள்! இடத்தை மாத்திப் போட்டிருக்கான்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் பையில் கைவிட்டார், சிவப்புப் பேனாவுக்கு.

வைத்துப் பார்த்தார். மைனஸ் மூன்று. உள்ளே ஒன்பது, வர்க்கமூலம் மூன்று. வலப்பக்கம், மைனஸ் மூன்றுக்கு ஒரு மைனஸ், மூன்று. பொருந்தியது. நாலை வைத்தார். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் மைனஸ் நாலு. பொருந்தவில்லை. இரண்டு பக்கத்தையும் மைனஸால் பெருக்கினால் அவருடைய கேள்வியேதான்.

மறுபடி வைத்துப் பார்த்தார். வில்லாபுரம் போகிற ஷேர் ஆட்டோ வந்து, "சார், ஏறுறீகளா?" என்று கேட்டு, பதில் இல்லாமல் போய்விட்டது. இன்னொன்று வந்தது, போனது. மேலே பாலில் ஊறின முகத்தோடு சீதாராமன் சிரித்துக்கொண்டே இருந்தார். பலகை நிழலில் நின்றபடி ஹாலாஸ்யம் சார், மூடி திறந்த பேனாவோடு, நாலை எடுத்து மறுபடியும் முதலில் இருந்து வைக்க ஆரம்பித்தார்.